முகவாய் உள்வாங்கியிருக்கிறது: ஃபில்லர் போதுமா, இம்பிளாண்ட் வேண்டுமா?

செம்பருத்தி, கொழிஞ்சாம்பாறை · 11 ஜூன் 2023

நேராகக் கண்ணாடியில் பார்த்தால் என் முகத்தில் குறை எதுவும் தெரிவதில்லை. பக்கவாட்டில் எடுத்த படங்களில்தான் கீழ் உதட்டுக்குக் கீழே முகம் சட்டென்று கழுத்தை நோக்கிச் சரிகிறது. அதனால் மூக்கும் அளவுக்கு மீறி நீண்டிருப்பதுபோல் தோன்றுகிறது. கோயம்புத்தூரில் நான் பார்த்த தோல் மருத்துவர் முகவாயில் 2 மில்லி ஃபில்லர் போட்டால் போதும் என்றார். திருச்சூரில் பார்த்த அறுவை மருத்துவர் சிலிகான் இம்பிளாண்ட்தான் நிரந்தரம் என்றார். இருவருமே என்னை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வயது 28. மேல் பற்களும் கீழ்ப் பற்களும் நன்றாகப் பொருந்துகின்றன, ஆகவே தாடையில் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். பக்கவாட்டுத் தோற்றத்தில் இந்த இரண்டும் ஒரே மாற்றத்தைத்தான் தருமா?

மீனாட்சிபுரத்து அத்தை · 11 ஜூன் 2023

எனக்கும் இதே தொல்லைதான், தங்கம். தாடைக்குக் கீழே சதை தொங்கி இரட்டைத் தாடையாகத் தெரிகிறது. ஐந்து கிலோ இளைத்த பிறகும் அது போகவில்லை. ஊசி போட்டு மேலும் சதையை ஏற்றிக்கொள்வதற்குப் பதிலாக இருக்கிற கொழுப்பை எடுத்துவிடுவது நல்லதல்லவா?

வாளையார் லாரி · 12 ஜூன் 2023

ஃபில்லர் போட்டுப் பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. பிடிக்காவிட்டால் வேறொரு ஊசி போட்டு மறுநாளே கரைத்துவிடலாம். பிடித்துப்போனால் அதே அளவுக்கு இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளலாம். என் மைத்துனி பாலக்காட்டில் அப்படித்தான் போட்டுக்கொண்டாள். எனக்கும் முகவாய் உள்ளேதான் இருக்கிறது, தாடி வளர்த்து மறைத்துவிட்டேன். செலவு ஒரு சீப்பு மட்டும்தான்.

எலும்பறுப்பவன், கோவை · 12 ஜூன் 2023

முகத்தாடை அறுவை என் தொழில். செம்பருத்தி, ஒரே ஒரு கேள்வி. பள்ளிக்கூட வயதில் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தீர்களா? கட்டியிருந்தால், மேல் வரிசையில் கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லை இருபுறமும் எடுத்தார்களா?

செம்பருத்தி · 12 ஜூன் 2023

ஆம். பதினான்கு வயதில், மேல் பற்கள் துருத்திக்கொண்டிருந்தன என்று கட்டினார்கள். மேலே இரண்டு பற்களை எடுத்தார்கள், கீழே எதையும் எடுக்கவில்லை. எனக்கு அது மறந்தே போயிருந்தது. முகவாய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு?

எலும்பறுப்பவன் · 13 ஜூன் 2023

தொடர்பு நேரடியானது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நிலைகள் உள்ளன. ஒன்றில் கீழ்த்தாடை சரியான இடத்தில் இருக்கும், அதன் நுனியிலுள்ள முகவாய் எலும்பு மட்டும் சிறியதாக இருக்கும். மற்றொன்றில் கீழ்த்தாடை முழுவதுமே பின்னால் அமர்ந்திருக்கும், முகவாயும் அதனோடு சேர்ந்து பின்தங்கியிருக்கும். இரண்டாவது நிலையில் மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை விட்டு வெகுதூரம் முன்னே நிற்கும். அதைத்தான் பல் துருத்தியிருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அப்போது மேலே இரண்டு பற்களை எடுத்து, அந்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டால் கடி பொருந்திவிடும். தாடை எலும்போ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இன்று உங்கள் பற்கள் பொருந்துகின்றன என்பது தாடை சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது. கம்பி கட்டியவர் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதற்குத்தான் சான்று.

பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். செஃபலோகிராம் என்று கேட்டால் பல் மருத்துவமனைகளில் எடுத்துத் தருவார்கள். அது இல்லாமல் ஃபில்லர், இம்பிளாண்ட் இரண்டைப் பற்றியும் பேசுவது காற்றில் கணக்குப் போடுவதுதான்.

மீனாட்சிபுரத்து அத்தை அவர்களுக்கு: உங்கள் கேள்வி வேறு, ஆனால் இதற்குத் தூரமானதும் அல்ல. முகவாய் பின்னால் இருப்பவர்களுக்கு முகவாயிலிருந்து கழுத்து வரையுள்ள தூரம் குறைவு. அந்தக் குறுகிய இடத்தில் தோலும் தசையும் சேர்ந்து தளர்வாகத் தெரியும், கொழுப்பே இல்லாதவர்களுக்கும் இரட்டைத் தாடை போலத் தோன்றும். ஐந்து கிலோ குறைந்தும் அது போகவில்லை என்றால், கொழுப்பை உறிஞ்சச் சொல்வதற்கு முன் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

மீனாட்சிபுரத்து அத்தை · 13 ஜூன் 2023

எடுத்துப் பார்த்தேன். என் முகவாய் உலகத்துக்கே தெரியும்படி முன்னால்தான் இருக்கிறது. இது இட்லியின் வேலைதான்.

செம்பருத்தி · 2 ஜூலை 2023

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. பல் சீரமைப்பு மருத்துவர் அதன்மேல் கோடுகள் வரைந்து விளக்கினார். மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து மேல்தாடைக்கு அளக்கும் கோணம் 81, கீழ்த்தாடைக்கு 75. இயல்பாக மேலே 82, கீழே 80 என்ற அளவுக்கு அருகில் இருக்க வேண்டுமாம். மேல்தாடையில் குறையில்லை, கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கிறது. கீழ் உதட்டின் முன்விளிம்பிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு விட்டால் என் முகவாயின் மேல்தோல் அதற்கு 7 மில்லிமீட்டர் பின்னால் நிற்கிறது.

இரண்டு வழிகள் சொன்னார். மறுபடியும் கம்பி கட்டி, பின்னால் இழுத்த பற்களை முன்னே கொண்டுவந்து, அதன் பிறகு கீழ்த்தாடையை அறுத்து முன்னகர்த்துவது ஒன்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். தாடையை அப்படியே விட்டுவிட்டு முகவாயை மட்டும் முன்னே காட்டுவது மற்றொன்று. முதல் வழி எனக்கு வேண்டாம். மெல்லுவதில் சிரமம் இல்லை, உறக்கத்தில் மூச்சுத் தடை இல்லை. பதின்வயது முழுவதையும் கம்பியோடு கழித்த பிறகு அதற்கு மனம் வரவில்லை. ஆகவே என் கேள்வி மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது.

எலும்பறுப்பவன் · 3 ஜூலை 2023

அந்த முடிவு தவறல்ல. தெரிந்தே எடுத்த முடிவு என்பதுதான் எனக்கு வேண்டியது. இனி அளவைப் பார்ப்போம். ஆண்களுக்கு முகவாய் அந்தக் கோட்டைத் தொட்டால் அழகாக இருக்கும். பெண்களுக்கு அது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை பின்னால் இருப்பதே மென்மையாகத் தோன்றும். எனவே 7 முழுவதையும் நிரப்பக் கூடாது, 4 அல்லது 5 போதும். எங்கள் தொழிலில் பெண்களிடம் அதிகம் பார்க்கும் பிழை குறைவாக வைப்பதல்ல, கூடுதலாக வைப்பதுதான்.

எண்ணைவிட முக்கியமான இரண்டு விஷயங்களைக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவே ஒரு மடிப்பு இருக்கிறதே, அது ஆழமா, ஆழமற்றதா? ஃபில்லரோ இம்பிளாண்டோ அந்த மடிப்புக்குக் கீழேதான் மேட்டை உண்டாக்கும். மடிப்பு ஏற்கெனவே ஆழமாக இருந்தால் அது இன்னும் குழியாகி, முகவாய் தனியாக ஓர் உருண்டையை ஒட்டவைத்ததுபோல் தெரியும். அடுத்தது, உதடுகளை மூடும்போது முகவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகச் சுருங்குகிறதா? சுருங்கினால் அங்குள்ள தசை உதட்டை மேலே தள்ளிப் பாடுபடுகிறது என்று பொருள். அந்தப் பாட்டை ஃபில்லரும் இம்பிளாண்டும் குறைக்காது.

செம்பருத்தி · 3 ஜூலை 2023

மடிப்பு ஆழமற்றது, விரல் வைத்தால்தான் தெரிகிறது. உதடுகள் முயற்சியில்லாமல் மூடுகின்றன, தோல் சுருங்கவில்லை.

எலும்பறுப்பவன் · 3 ஜூலை 2023

அப்படியானால் உங்களுக்கு இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன. எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை.

கல்பாத்தியான் · 5 ஜூலை 2023

இம்பிளாண்ட் வைத்து, பின்னர் எடுத்தவன் பேசுகிறேன். முப்பது வயதில் வெளியூரில் ஓரிடத்தில் வாய்க்குள் கீறி, கீழ் உதட்டின் உட்புறம் வழியாகச் சிலிகான் வைத்தார்கள். வெளியே தழும்பு இல்லை என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட பெரிய லாபம். முதல் இரண்டு ஆண்டுகள் மனநிறைவாகவே இருந்தேன். பக்கவாட்டில் எனக்கே என் முகம் புதிதாக இருந்தது. கீழ் உதட்டின் இடது ஓரம் மரத்துப்போனது மட்டும் முழுவதும் திரும்பவில்லை. இன்றும் காபி சிந்தினால் அந்தப் பக்கம் தெரியாது.

பின்னர் கீழ் முன்பற்களில் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் வரத் தொடங்கியது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தபோது, இம்பிளாண்ட் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே ஏறி, பல் வேர்களுக்கு எதிரே உள்ள எலும்பைக் குழித்திருந்தது தெரிந்தது. எடுத்துவிட்டோம். எடுத்த பிறகு முகவாய்ச் சதை ஆதரவில்லாமல் தொங்கியது, அது முதல் நிலைமையைவிட மோசமாக இருந்தது. அதன் பிறகு முகவாய் எலும்பையே வெட்டி முன்னகர்த்தித் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஓர் அறுவையோடு முடிந்திருக்கும். ஆகவே இம்பிளாண்ட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

எலும்பறுப்பவன் · 6 ஜூலை 2023

உங்கள் துன்பம் உண்மையானது, ஆனால் முடிவுரை சற்று நீண்டுவிட்டது. சிலிகானுக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டர் எலும்பு அமுங்குவது பரவலாகக் காணப்படும் ஒன்று. பெரும்பாலும் அது அதோடு நின்றுவிடும், வெளித்தோற்றத்திலும் தெரியாது. எங்கே அமுங்குகிறது என்பதுதான் சிக்கல். முகவாயின் அடிவிளிம்பை ஒட்டிய எலும்பு தடித்தது, தாங்கும். அதற்கு மேலே பல் வேர்களை மூடியுள்ள எலும்பு மெல்லியது. வாய் வழியாக வைக்கும்போது இம்பிளாண்ட் மேல்நோக்கி அமர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். முகவாய்க்குக் கீழே 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீறி வைத்தால் அடிவிளிம்பைக் கண்ணால் பார்த்தே பொருத்தலாம், திருகும் போடலாம், வாய்க் கிருமிகளும் சேராது. தழும்பு தாடையின் நிழலில் மறைந்துவிடும். வாய் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்றால் உட்புறம் பிரித்த முகவாய்த் தசையை மறுபடியும் உயரத் தூக்கித் தைக்க வேண்டும். தைக்காவிட்டால் சதை தொங்கும்.

மரத்துப்போவதற்குக் காரணம், கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள துளையிலிருந்து வெளிவரும் நரம்பு. பக்கவாட்டில் நீண்ட இறக்கைகளுள்ள இம்பிளாண்ட் வைக்கும்போது அந்த நரம்புக்குக் கீழேதான் பாதை எடுக்க வேண்டும். இறக்கை இல்லாத சிறிய வகையை வைத்தால் நரம்புக்கு ஆபத்து குறைவு, ஆனால் நேரே பார்க்கும்போது முகவாய் பொத்தான் வைத்ததுபோல் கூர்ந்து நிற்கும்.

எலும்பை நகர்த்துவது பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஓட்டோ ஹோஃபர் 1942-இல் விவரித்த முறை அது. இன்றும் நிலைத்து நிற்கிறது. முகவாயின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால், கோணலைத் திருத்த வேண்டுமென்றால், 8 மில்லிமீட்டருக்கு மேல் முன்னகர்த்த வேண்டுமென்றால் அதுதான் என் முதல் தேர்வு. செம்பருத்திக்கு 4 மில்லிமீட்டருக்காக எலும்பை வெட்ட வேண்டுமா என்பதில் என்னோடு வேலை செய்கிறவர்களே ஒத்துப்போக மாட்டார்கள்.

கல்பாத்தியான் · 6 ஜூலை 2023

வெட்டியவர் நன்றாக வெட்டினால் எல்லாமே நன்றுதான், டாக்டர். நோயாளி எப்படி முன்கூட்டியே அறிவது?

எலும்பறுப்பவன் · 6 ஜூலை 2023

எந்தக் கீறல் வழியாக, எந்த இடத்தில், எப்படி நிலைநிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். தையலா, திருகா என்ற கேள்விக்கே பதில் தராதவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். அதற்கு மேல் எனக்கும் விடை இல்லை.

வாளையார் லாரி · 8 ஜூலை 2023

முகவாய் முன்னால் வந்தால் குறட்டை நின்றுவிடும் என்று படித்தேன். அப்படியானால் எனக்கும் இம்பிளாண்ட் உதவும். இரவில் நான் விடும் குறட்டைக்கு கிளீனர் வண்டியை விட்டு இறங்கித் தார்ப்பாயில் படுக்கிறான்.

எலும்பறுப்பவன் · 8 ஜூலை 2023

நிற்காது. இம்பிளாண்ட் எலும்பின் முன்புறத்தில் ஒட்டியிருக்கும் பொருள் மட்டுமே. மூச்சுப்பாதைக்கு இடம் தருவது நாக்கைத் தாங்கும் தசைகள், அவை எலும்பின் உட்புறத்தில் பிடித்திருக்கின்றன. எலும்பையே நகர்த்தினால்தான் அவையும் ஓரளவு முன்னே வரும், தாடை முழுவதையும் நகர்த்தினால் இன்னும் நன்றாக வரும்.

அதைவிட, பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறதா? காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா? முகவாய் பின்தங்கிய ஒருவர் இதற்கு ஆம் என்றால் அவருக்குத் தேவை உறக்கப் பரிசோதனை. தாடியால் அதை மறைக்க முடியாது, அண்ணா. கனரக வண்டி ஓட்டுகிறவர் தள்ளிப்போடவும் கூடாது.

இன்னொன்று. கரைத்துவிடலாம் என்று நீங்கள் முன்பு எழுதியது ஹையலூரோனிக் அமில ஃபில்லருக்கு மட்டுமே பொருந்தும். கால்சியம் வகைக்குக் கரைப்பு மருந்து இல்லை. உங்கள் மைத்துனிக்கு எது போட்டார்கள் என்று கேட்டு வையுங்கள்.

செம்பருத்தி · 20 ஆகஸ்ட் 2023

ஃபில்லர் போட்டுக்கொண்டேன். இம்பிளாண்டின் மீது பயம் வந்துவிட்டதனால் அல்ல. 4 மில்லிமீட்டர் என்பது என் முகத்தில் எப்படி இருக்கும் என்று எண்ணைப் பார்த்து என்னால் கற்பனை செய்ய முடியவில்லை, அதனால்தான். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முகவாய்க்கென்றே அனுமதித்த கெட்டியான ஹையலூரோனிக் வகை. 2 மில்லி. மருத்துவர் பெரும்பகுதியை நடுவில் எலும்பை ஒட்டி ஆழமாக வைத்தார், மிச்சத்தை இருபுறமும் தாடை விளிம்போடு இணையும்படி பரப்பினார். போடும் முன் கரைப்பு மருந்தான ஹையலூரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டேன். குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். தேனீ கொட்டி உடம்பு வீங்கியதுண்டா என்று அவரும் என்னைக் கேட்டார், ஏனென்றால் அந்த மருந்து தேனீயின் நஞ்சிலும் உள்ள பொருளாம்.

தம்பி முற்றத்தின் மறுகோடியில் நின்று, ஜூம் வைத்து, முன்பு எடுத்த அதே இடத்தில் படம் எடுத்தான். கைப்பேசியை முகத்தருகே பிடித்தால் மூக்கு பெரிதாகவும் முகவாய் சிறிதாகவும் பதிவாகிவிடும், முன்பின் ஒப்பிட அது உதவாது. வீக்கம் வற்றிய பிறகு கண்டது: மூக்கு சிறுத்துவிட்டது என்று அம்மா சொல்கிறார், மூக்கை யாரும் தொடவில்லை. கீழ் உதடு முன்போல் துருத்தித் தெரியவில்லை. கழுத்துக் கோணத்தில் மட்டும் நான் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. சிரிக்கும்போது முகவாய் நுனி சற்று உருண்டையாகத் திரள்கிறது.

எலும்பறுப்பவன் · 21 ஆகஸ்ட் 2023

கழுத்து மாறாததற்குக் காரணம் உண்டு. ஃபில்லர் மென்மையான பொருள், மேலே உள்ள தசையின் அழுத்தத்தில் பக்கவாட்டில் விரியும். 2 மில்லி வைத்தும் முன்னே கிடைக்கும் தூரம் சில மில்லிமீட்டர்தான். இன்னும் கூட்டினால் முன்னே வருவதைவிடக் கனத்து உருண்டு வருவதே அதிகம். இம்பிளாண்ட் கெட்டியானது, அது 5 மில்லிமீட்டர் இருந்தால் தோல் ஏறத்தாழ 4 முன்னே வரும். ஆகவே ஃபில்லரை ஒத்திகையாகக் கொள்வது திசையை அறிய உதவும், அளவை அறிய உதவாது. வாளையார் அண்ணா சொன்னதில் எனக்கு ஏற்பில்லாத பகுதி இதுதான்.

நாளாகிவிட்டதால் உங்களுக்குக் கவலையில்லை, ஆனால் இழையைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊசி போடும்போதோ சில மணி நேரத்துக்குள்ளோ முகவாயின் ஒரு பகுதி வெளுத்தால், வழக்கத்தை மீறி வலித்தால், வலைபோல் ஊதா நிறக் கோடுகள் படர்ந்தால், அழுத்தி விட்ட தோலில் நிறம் திரும்பத் தாமதமானால், ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்துவிட்டது என்று கொள்ள வேண்டும். நாக்கு வெளுத்து வலித்ததும் பதிவாகியிருக்கிறது, ஏனெனில் அங்குள்ள குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஐஸ் வைத்துக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது; உடனே திரும்பிப் போய்க் கரைப்பு மருந்தைப் போட வேண்டும். அழகு நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த மருந்தும் அதைப் போடத் தெரிந்த கையும்தான்.

மீனாட்சிபுரத்து அத்தை · 21 ஆகஸ்ட் 2023

எவ்வளவு ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லையே?

செம்பருத்தி · 22 ஆகஸ்ட் 2023

ஒரு மில்லிக்கு இருபத்தையாயிரத்துக்கு அருகில், அத்தை. அப்பாவிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

வாளையார் லாரி · 5 நவம்பர் 2023

உறக்கப் பரிசோதனை செய்தேன். மூச்சு நிற்பது கடுமையாக இருக்கிறது என்று முகமூடிக் கருவி கொடுத்தார்கள். கிளீனர் வண்டிக்குள் திரும்பிவிட்டான். மைத்துனிக்குப் போட்டது கால்சியம் வகை என்று தெரிந்தது. அவள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறாள், நான்தான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

செம்பருத்தி · 15 செப்டம்பர் 2024

ஃபில்லர் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. பக்கவாட்டுப் படத்தில் பழைய சரிவு பாதியளவு திரும்பியிருக்கிறது. மறுபடி மறுபடி போட்டால் அதற்குக் கீழேயும் எலும்பு அமுங்கக்கூடும் என்று கேள்விப்பட்டேன். இம்பிளாண்டை நோக்கி மனம் போகிறது, கல்பாத்தியான் திட்டினாலும் சரி. மிச்சமிருக்கும் ஃபில்லரின் மேலேயே இம்பிளாண்ட் வைத்துவிடுவார்களா?

எலும்பறுப்பவன் · 16 செப்டம்பர் 2024

வைக்கக் கூடாது. மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் அளவு எடுத்தால் இம்பிளாண்ட் சிறிதாகத் தேர்வாகும், பிறகு ஃபில்லர் கரைந்ததும் குறை தெரியும். முதலில் கரைத்துவிடுங்கள், ஓரிரு வாரம் வீக்கம் அடங்கட்டும், அதன் பிறகு புதிய செஃபலோகிராம் எடுங்கள். ஃபில்லருக்குக் கீழே எலும்பு அமுங்குவது சி.டி. படங்களில் காணப்பட்டதுண்டு, உங்கள் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நேர்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கல்பாத்தியான் · 16 செப்டம்பர் 2024

திட்டவில்லை. கீறல் வெளியிலிருந்துதானே? திருகு உண்டுதானே?

செம்பருத்தி · 16 செப்டம்பர் 2024

வெளியிலிருந்துதான், இரண்டு திருகுகள். இறக்கையுள்ளதா இல்லாததா என்பதைப் புதிய எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்வதாக அறுவை மருத்துவர் சொல்லியிருக்கிறார்.